முதல்நாள் மதியம் உண்டது மறுநாள் இரவு வெளியே வந்தபோது

முதல்நாள் மதியம் சாப்பிட்ட காரட் துண்டுகளை மறுநாள் இரவு 11 மணிக்கு என் வாந்தியில் பார்த்தேன். கத்தியால் வெட்டிய விளிம்பு மழுங்காமல், நிறம் வெளுக்காமல், விரல் நகத்தளவுச் சதுரங்களாக அவை அப்படியே கிடந்தன. பக்கத்தில் பட்டாணித் தோல்கள் சில ஒட்டியிருந்தன. அந்த மதிய உணவுக்குப் பின் நான் காரட்டையும் பட்டாணியையும் தொடவே இல்லை என்பதால், ஏறக்குறைய 34 மணி நேரம் அவை இரைப்பையை விட்டு நகரவில்லை என்பதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. அதற்கு முந்தைய நான்கு மாதங்களாக எனக்கு வாந்தி இருந்தது. ஆனால் எதை வாந்தியெடுக்கிறேன், அதை எப்போது சாப்பிட்டேன் என்று ஒரு நாளும் கணக்குப் பார்த்ததில்லை. அந்த ஒரு கணக்கை முதல் வாரத்திலேயே பார்த்திருந்தால் ஒன்பது கிலோ எடையை இழந்திருக்க மாட்டேன் என்றே இன்றும் நினைக்கிறேன்.

தொடக்கம் மிகச் சாதாரணமாக இருந்தது. மாலையானால் மேல்வயிறு கல்லைக் கட்டியது போல் கனக்கும், அழுகிய முட்டை நாற்றத்துடன் ஏப்பம் வரும், இரவில் ஒரு முறை வாந்தி வரும், வந்ததும் வலியும் கனமும் சட்டென்று இறங்கிவிடும். வாந்திக்குப் பின் கிடைத்த அந்த நிம்மதியே என்னை ஏமாற்றியது. கெட்டது வெளியே போய்விட்டது, இனிச் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு இரவும் எண்ணிக்கொண்டேன். எல்லாவற்றையும் அமிலத் தொல்லை என்று நானே முடிவு செய்து, சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவந்தேன். முழங்கால் வலிக்காக மூன்று ஆண்டுகளாக டைக்ளோஃபெனாக் மாத்திரை தின்றுவருவதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் அக்காவுக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. அதனால் இரைப்பை மந்தமாகிவிட்டது என்று ஏற்கெனவே கண்டறிந்து மருத்துவம் பார்த்துவருகிறார். எனக்கும் நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பதால், “எனக்கு இருப்பதுதான் தம்பி உனக்கும்” என்று அவர் சொன்னது பொருத்தமாகவே பட்டது. அவருக்கு எழுதிக்கொடுத்திருந்த டொம்பெரிடோன் மாத்திரையை நானும் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். வாந்தி நிற்கவில்லை; மாறாக, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே தொடங்கி வலப்பக்கமாக நகரும் ஒரு முறுக்கு வலி புதிதாகச் சேர்ந்துகொண்டது. அந்த வலி ஏன் வந்தது என்பதைச் சொல்லும் முன் இரைப்பை தன் உணவை எப்படி வெளியே அனுப்புகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வாந்தியில் முழுத்துண்டாக உணவைப் பார்த்தால் “செரிக்காமல் வந்துவிட்டது” என்கிறோம். உண்மையில் உணவின் பெரும்பகுதி இரைப்பையில் செரிப்பதில்லை. அதற்கு அப்பால் உள்ள சிறுகுடலில்தான் செரிக்கிறது. இரைப்பையின் முக்கியமான வேலை உணவைச் சேமித்து, அமிலத்தோடு பிசைந்து, ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுத் துகள்களாக அரைத்து, சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் விடுவதாகும். நிமிடத்துக்கு மூன்று முறை எழும் அலை உணவைக் கீழ்வாய் நோக்கித் தள்ளுகிறது. பைலோரஸ் எனப்படும் அந்தக் கீழ்வாய் நுண்துகளை மட்டும் விட்டுவிட்டுப் பெரிய துண்டைத் திருப்பி அனுப்புகிறது. காரட்டின் நாரையும் பட்டாணியின் தோலையும் அமிலம் கரைக்காது. ஆகவே சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வாந்தி வந்து அதில் காரட் தெரிந்தால் அதற்குப் பொருள் ஏதும் இல்லை. அந்த நேரத்தில் அது அங்கேதான் இருந்தாக வேண்டும். உடல்நலம் உள்ளவருக்குக் கொழுப்புக் குறைந்த எளிய உணவு நான்கு மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இரைப்பையை விட்டு வெளியேறிவிடும். கொழுப்பு மிகுந்த பெரிய விருந்தானால் இன்னும் சற்று நேரம் பிடிக்கும். எட்டு, பத்து, இருபது மணி நேரம் கழித்து வாந்தியில் உணவை அடையாளம் காண முடிந்தால், அது செரிக்கவில்லை என்பதைவிட நகரவில்லை என்பதுதான் செய்தி.

நகராமல் இருக்கக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வெளியேறும் வழி அடைபட்டிருக்க வேண்டும், அல்லது வழி திறந்திருந்தும் தள்ளும் விசை இல்லாமல் போயிருக்க வேண்டும். வெளியே தெரியும் அறிகுறிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான், மருத்துவமோ நேரெதிர். வழி திறந்திருப்பவருக்கு இரைப்பையைத் தூண்டும் மாத்திரை உதவும். வழி அடைபட்டவருக்கு அதே மாத்திரை மூடிய கதவின் மேல் இரைப்பையை மோதச் செய்யும். அக்காவின் மாத்திரை எனக்குத் தந்த முறுக்கு வலி அந்த மோதல்தான். அடைப்பு இல்லை என்று உறுதி செய்யும் முன் இவ்வகை மாத்திரைகளைக் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்களுக்கு அடிப்படைப் பாடம். அக்காவின் பெட்டியிலிருந்து எடுத்து விழுங்கிய எனக்கு அதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

காரட்டைப் பார்த்த இரவுக்கு மறுநாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்தேன். அதில் ஒரு பதிவு இப்படி இருந்தது: “ஞாயிறு, மதியம் 1.00, ரொட்டி, தக்காளி, வேகவைத்த பட்டாணி. இரவு 9.40 வாந்தி, ஏறக்குறைய ஒரு லிட்டர். தக்காளித் தோல், நேற்றைய காரட். புளித்த நெடி. பச்சையோ மஞ்சளோ இல்லை. குமட்டி, வயிறு இறுகி வந்தது. பின்பு வலி இல்லை.” அளவை அறிய, அளவுக்கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். அருவருப்பான வேலைதான்; ஆனால் ஆறு நாள் பதிவுகளைப் பார்த்ததும், நான் குடித்ததும் உண்டதும் ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பி வருகிறது என்பது எழுத்திலேயே தெரிந்தது.

அந்தக் குறிப்பேட்டுடன் போனபோதுதான் வயிற்று மருத்துவர் என்னிடம் முதன்முறையாக மருந்து எழுதும் முன் கேள்வி கேட்டார். வாந்தி குமட்டலுடன் வருகிறதா, குனிந்தாலோ படுத்தாலோ தானாக வாய்க்கு வருகிறதா என்பது அவருடைய முதல் கேள்வி. முயற்சியின்றி, புளிப்போ கசப்போ இல்லாமல், மென்று விழுங்கிய அதே சுவையுடன் உணவு மேலேறினால் அது இரைப்பையை எட்டவே இல்லை; உணவுக்குழாயிலேயே தேங்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும், அதற்கான சோதனைகள் வேறு என்றார். அமிலப் புளிப்பு இருந்ததால் என்னுடையது இரைப்பையிலிருந்து வந்தது உறுதியாயிற்று.

அடுத்து நிறத்தைக் கேட்டார். வாந்தி என்றாலே பித்தம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும். என் வாந்தியில் இல்லாமல் இருந்ததே அந்தப் பித்தம்தான். கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர் இரைப்பையில் ஊறுவதில்லை. இரைப்பையைத் தாண்டி, முன்சிறுகுடலின் நடுப்பகுதியில் ஒரு சிறு துளை வழியாகக் குடலுக்குள் இறங்குகிறது. கீழ்வாய் திறந்திருப்பவர் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால் அந்தப் பச்சை மஞ்சள் நீர் பின்னோக்கி வந்து வாந்தியில் கலந்துவிடும். நான்கு மாதத்தில் ஒரு முறைகூட அது வரவில்லை என்றால், இரைப்பைக்கும் அந்தத் துளைக்கும் இடையில் ஏதோ ஒன்று மூடியிருக்கிறது என்று பொருள். நிறம் மட்டுமே முடிவான சான்று ஆகாது என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். பச்சை வாந்தியோடு வயிறு வீங்கி, காற்றும் பிரியாமல் இருந்தால் அடைப்பு இன்னும் கீழே குடலில் இருக்கலாம் என்பதால், அது அதே நாளில் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை.

பிறகு கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்று கேட்டார். ஐந்து மணி நேரமாயிற்று என்றதும் என்னைப் படுக்கவைத்து, மேல்வயிற்றின் மீது ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, இரு கைகளாலும் இடுப்பைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தார். பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது கேட்பது போன்ற சளசளப்பு எனக்கே கேட்டது. அந்த ஒலியை நான் பல வாரங்களாக இரவில் புரண்டு படுக்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். சாப்பிட்டவுடன் யாருக்கும் அது கேட்கலாம். மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பின்னும் கேட்டால் இரைப்பையில் நீரும் காற்றும் தேங்கி நிற்கின்றன என்று பொருள்.

நான் அவரிடம் ஒன்றைப் பெருமையாகச் சொன்னேன்: முன்பு தினமும் வந்த வாந்தி, இப்போது இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது, ஆகவே சற்றுக் குணம் தெரிகிறது என்று. அவர் தலையசைத்து மறுத்தார். தொடக்கத்தில் இரைப்பை அடைப்பை எதிர்த்து வலுவாகச் சுருங்குகிறது. மாதங்கள் ஆக ஆகச் சோர்ந்து, பை போல விரிந்து, அதிக உணவைத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறது. அதனால் வாந்தியின் எண்ணிக்கை குறைகிறது, ஒவ்வொரு முறையும் அளவு கூடுகிறது, முந்தைய நாள் உணவும் அதில் சேர்கிறது. என் நினைவும் குறிப்பேடும் அதையே சொல்லின: முன்பு தினமும் ஏறக்குறைய அரை லிட்டராக இருந்தது, இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒன்றரை லிட்டராகியிருந்தது. எண்ணிக்கை குறைந்ததை மட்டும் பார்த்து நலம் என்று கருதியது நான் செய்த பிழைகளில் மிக ஆபத்தானது.

அதே மாலை எடுத்த இரத்தச் சோதனை அவரை என்னை உடனே மருத்துவமனையில் சேர்க்கவைத்தது. பொட்டாசியம் 3.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய இடத்தில் 2.8 இருந்தது, குளோரைடு 82-க்கு இறங்கியிருந்தது, காரத்தன்மையைக் காட்டும் பைகார்பனேட் 28-க்குள் இருக்க வேண்டியது 39 ஆக ஏறியிருந்தது. வாந்தியில் இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் லிட்டர் கணக்கில் வெளியே போனதால் இரத்தம் காரமாகிவிட்டிருந்தது. உடம்பில் நீரும் குளோரைடும் குறைந்திருக்கும் வரை சிறுநீரகத்தால் அந்தக் காரத்தை வெளியேற்ற முடியாது. நீரைக் காக்கும் முயற்சியில் பொட்டாசியத்தையும் இழந்துவிடும். விரல் நுனிகளில் ஊசி குத்துவது போன்ற உணர்வும், கெண்டைக்கால் பிடிப்பும், படியேற முடியாத சோர்வும் வயதின் வேலை என்று நான் நினைத்திருந்தேன். நான் நம்பிக் குடித்த சோடா உப்பு பைகார்பனேட்டே அன்றி வேறில்லை. ஏற்கெனவே காரமாகிவிட்ட இரத்தத்தில் மேலும் காரத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். பொட்டாசியம் இவ்வளவு இறங்கினால் இதயத் துடிப்பின் ஒழுங்கே கெடலாம் என்பதால், இதயத்துடிப்பைத் திரையில் கண்காணித்தபடியே பொட்டாசியம் கலந்த சலைனை இரண்டு நாள் மெதுவாக ஏற்றினார்கள். அது சரியாகும் வரை எண்டோஸ்கோபியைத் தொடவில்லை.

மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் ஒன்றை இறக்கினார்கள். முதல் அரை மணி நேரத்தில் வந்தது 1,800 மில்லி லிட்டர். பழுப்பு நிறத்தில், புளித்த மாவின் நெடியுடன் இறங்கிய அந்த நீரில் மிதந்த துகள்கள் குழாயை அடைத்ததால், செவிலியர் சலைனைச் செலுத்திச் செலுத்தி உறிஞ்ச வேண்டியிருந்தது. குழாய் தந்த எரிச்சலையும் மீறி, மாதக்கணக்கில் முதன்முறையாக வயிறு காலியாக இருப்பதை அன்றிரவு உணர்ந்தேன்.

இதற்கு இரண்டு மாதம் முன்பே வேறொரு மருத்துவமனையில் எனக்கு ஒரு முறை எண்டோஸ்கோபி செய்திருந்தார்கள். முந்தைய இரவு 9 மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல், காலை 8 மணிக்குப் போயிருந்தேன். இரைப்பையில் உணவு நிறைந்திருந்ததால் பார்க்க இயலவில்லை, பட்டினியாக மீண்டும் வரவும் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் விதியை மீறிச் சாப்பிட்டுவிட்டு வந்ததாகவே அங்கே எண்ணினார்கள். பதினொரு மணி நேரப் பட்டினிக்குப் பின்னும் இரைப்பையில் திட உணவு இருந்தது என்பதே அந்தச் சோதனையின் மிக முக்கியமான முடிவு. அந்த ஒரு வரி அறிக்கையை வீணான சோதனை என்று எண்ணி நான் அலமாரியில் போட்டுவிட்டேன். புதிய மருத்துவரோ அதைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் படித்தார். இப்படி ஓர் அறிக்கை உங்களிடம் இருந்தால், எத்தனை மணி நேரம் பட்டினி இருந்தீர்கள் என்பதை அதன் மேலேயே எழுதி வையுங்கள். உணவு தேங்கிய இரைப்பையுடன் மயக்க மருந்து பெறுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு: உள்ளிருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். ஆகவே எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்பு, வழக்கமான பட்டினி நேரம் எனக்குப் போதாது என்பதை மயக்க மருந்து தருபவரிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

இரைப்பை காலியான பின் மூன்றாம் நாள் செய்த எண்டோஸ்கோபியில் கீழ்வாய் தெரிந்தது. அதை ஒட்டிய இடத்தில் பழைய புண் ஆறித் தழும்பாகி, அதன் மேல் புதிய புண் ஒன்று வீங்கியிருந்தது. மீந்திருந்த துளைக்குள் ஒன்பது மில்லிமீட்டர் தடிமன் உள்ள எண்டோஸ்கோபி குழாய் நுழையவில்லை. மூன்று ஆண்டு வலி மாத்திரையும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் சேர்ந்து செய்த வேலை அது. இரைப்பைப் புண்ணுக்குக் கிருமி காரணம் என்று காட்டிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது என்று மருத்துவர் சொன்னார். அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் கிருமிக்கான மருந்தும் வந்த பிறகு, புண்ணால் வரும் இந்த அடைப்பு மிகவும் குறைந்துவிட்டதாம். அதன் மறுபக்கத்தையும் அவர் மறைக்கவில்லை: புண்ணால் வருவது குறைந்துவிட்டதால், வயது வந்தவர்களுக்கு இன்று இந்த இடத்தில் அடைப்பு ஏற்பட்டால் இரைப்பையிலோ கணையத்தின் தலைப்பகுதியிலோ புற்றுநோய் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என் முதல் திசு ஆய்வில் புற்றுநோய் இல்லை என்று வந்தபோது வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டார்கள். அவர் மட்டும் நிறைவடையவில்லை. மேற்பரப்புக்கு அடியில் பரவும் புற்றை மேலோட்டமாகக் கிள்ளிய சிறு துண்டு தவறவிடலாம் என்று சொல்லி, சி.டி. ஸ்கேன் எடுக்கவைத்து, அடுத்த எண்டோஸ்கோபியிலும் மீண்டும் திசு எடுத்தார். இரண்டும் நல்லபடியாக வந்த பிறகே புண் என்ற முடிவை எழுதினார்.

அடைப்பின் ஒரு பகுதி வீக்கம், மறுபகுதி தழும்பு என்பது சிகிச்சையில் முக்கியமான செய்தி. வீக்கம் மருந்துக்கு வடியும், தழும்பு வடியாது. அமிலத்தை அடக்கும் ஊசியை ஒரு வாரம் கொடுத்ததில் திரவ உணவு இறங்கத் தொடங்கியது. மீதியைப் பலூனால் விரித்தார்கள்: எண்டோஸ்கோபி வழியாகக் காற்றற்ற பலூனைத் துளைக்குள் செருகி, நீரால் ஊதி, முதல் முறை 10 மில்லிமீட்டர், இரண்டு வாரம் கழித்து 12, மேலும் இரண்டு வாரம் கழித்து 15 வரை. ஒரே அமர்வில் முழுதாக விரித்தால் குடல் கிழியக்கூடும் என்பதால்தான் இந்தப் பொறுமை. பலூனுக்கு வழி மசியாதவர்களுக்கு, இரைப்பையை முன்சிறுகுடலுக்கு அடுத்த சிறுகுடல் பகுதியோடு நேரே இணைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. கிருமிக்கு 14 நாள் மருந்து தந்தார்கள். மருந்து முடிந்து நான்கு வாரத்துக்கு மேலான பிறகு, அமிலத்தை அடக்கும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவைத்து, மூச்சுச் சோதனையில் கிருமி போய்விட்டதை உறுதி செய்தார்கள். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது அந்தச் சோதனை பொய்யாகக் “கிருமி இல்லை” என்று காட்டக்கூடும்.

அக்காவின் கதை இதற்கு நேர் மறுபக்கம். அவருக்கும் முன்பு எண்டோஸ்கோபி செய்திருக்கிறார்கள். அதில் வழி தாராளமாகத் திறந்திருந்தது. ஆகவே அடுத்ததாக இரைப்பை காலியாகும் வேகத்தை அளந்தார்கள். மிகக் குறைந்த அளவு கதிரியக்கப் பொருள் கலந்த முட்டை வெள்ளைக் கருவும் ரொட்டியும் கொடுத்து, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி நேரத்தில் படமெடுத்துப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. நான்காம் மணியில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மிஞ்சினால் மந்தம். அக்காவுக்கு 38 விழுக்காடு மிஞ்சியிருந்தது. நீண்ட காலச் சர்க்கரை நோய் இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பையும், அலைகளின் தாளத்தை எழுப்பும் உயிரணுக்களையும் பாதிக்கிறது, கேஸ்ட்ரோபரேசிஸ் என்கிறார்கள். சோதனை நாளில் இரத்தச் சர்க்கரை மிக உயர்ந்திருந்தால் அதுவே இரைப்பையை மந்தமாக்கி முடிவைக் கெடுத்துவிடும் என்பதால், முதலில் சர்க்கரையைச் சரிசெய்துகொண்டே அதைச் செய்தார்கள்.

அவருடைய அறிகுறிகளை என்னுடையவற்றோடு வைத்துப் பார்த்தால் சில வேறுபாடுகள் தெரிகின்றன. அவருக்குப் பெரிய வாந்தியைவிட ஓயாத குமட்டலும், நான்கு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும் உணர்வும்தான் அதிகம். வாந்தி வந்தால் சில நாள் பித்தம் கலந்திருக்கும். வாந்திக்குப் பின் எனக்குக் கிடைத்த நிம்மதி அவருக்குக் கிடைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் வியர்த்து நடுங்கிச் சர்க்கரை தாழ்ந்துபோகும் நிகழ்வுகள் அவருக்கு இருந்தன. இன்சுலின் நேரத்துக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும், உணவோ இரைப்பையிலேயே நிற்கும். பின்பு நள்ளிரவில் உணவு இறங்கும்போது சர்க்கரை ஏறும். சாப்பிட்டவுடன் சர்க்கரை தாழ்வதற்குக் காரணம் புரியாதவர்கள் இரைப்பையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் இந்த வேறுபாடுகளை வைத்து வீட்டிலேயே முடிவெடுக்க முடியாது. அப்படி எடுத்துத்தான் நான் அவருடைய மாத்திரையை விழுங்கினேன்.

அக்காவுக்கு உண்மையில் பயன் தந்தது உணவின் துகள் அளவை மாற்றியதுதான். முட்கரண்டியால் எளிதில் மசியும் உணவாக, கொழுப்பும் நாரும் குறைத்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு சிறு வேளைகளாகச் சாப்பிடுகிறார். தோலும் விதையும் உள்ளவற்றைத் தவிர்க்கிறார், ஏனெனில் நார் தேங்கிப் பந்துபோல் உருண்டுவிட்டால் மந்தத்தோடு அடைப்பும் சேர்ந்துவிடும். மோசமான நாட்களில் முழுக்கத் திரவ உணவுக்கு மாறிவிடுகிறார், அரைக்கும் வேலை இல்லாததால் திரவம் மந்தமான இரைப்பையையும் ஓரளவு கடந்துவிடும். இரைப்பையைத் தூண்டும் மாத்திரைகளுக்கு எல்லை உண்டு: அவற்றில் ஒன்றான மெட்டோகுளோபிரமைடை மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் வாயும் நாக்கும் தானாக அசையும் கோளாறு நிலைத்துவிடக்கூடும், டொம்பெரிடோன் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும். அவருடைய பட்டியலில் இருந்த வேறொரு மருந்தையும் மருத்துவர் மாற்றினார். அபின் வகை வலி மருந்துகளும், சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் போடும் செமாகுளுடைட் போன்ற ஊசிகளும் இரைப்பையை மெதுவாக்கக்கூடியவை. இவற்றைத் தொடங்கிய பின் இத்தகைய வாந்தி வந்தால், தொடங்கிய தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

பிறந்து மூன்று முதல் ஆறு வாரம் ஆன குழந்தை, பால் குடித்ததும் பித்தம் இல்லாத வாந்தியைப் பீய்ச்சியடிப்பது போல் எடுத்து, உடனே மீண்டும் பாலுக்கு அழுதால், அதுவும் இதே கீழ்வாயின் தசை தடித்து அடைபடுவதாக இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. பெரியவர்களில், காபித் தூள் போன்ற வாந்தி, கருத்த மலம், அரை நாளுக்கு மேல் சிறுநீர் இல்லாமை, மயக்கம், தண்ணீர்கூடத் தங்காத நிலை ஆகிய எதுவும் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் காத்திருக்க வேண்டியதல்ல, அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியது.

மூன்றாவது பலூனுக்குப் பின் எட்டு மாதம் நன்றாகவே சென்றது. ஆறு கிலோ திரும்ப ஏறினேன். ஒன்பதாம் மாதத்தில் ஒரு மாலை, சாப்பிட்டு ஆறு மணி நேரம் கழித்துப் புரண்டு படுத்தபோது அந்தச் சளசளப்பு மீண்டும் கேட்டது. வாந்தி இன்னும் வரவில்லை. மறுநாளே குறிப்பேட்டை எடுத்தேன். மூன்றாம் நாள் இரவு அரை லிட்டர் வாந்தி, ஏழு மணி நேரத்துக்கு முன் உண்ட தக்காளித் தோலுடன். நான்காம் நாள் மருத்துவர் முன் இருந்தேன். இந்த முறை எடை ஒரு கிலோதான் குறைந்திருந்தது, இரத்தத்தில் பொட்டாசியமும் குளோரைடும் சரியாக இருந்தன, குழாய் வைத்து ஒரே நாளில் இரைப்பையைக் காலி செய்து பலூனால் மீண்டும் 15 மில்லிமீட்டருக்கு விரித்துவிட்டார்கள். புதிய புண் ஏன் வந்தது என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கொண்டுபோயிருந்த மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, பல்வலிக்காக இரண்டு வாரம் எடுத்துக்கொண்ட ஓர் அட்டையின் பின்புறச் சிற்றெழுத்தை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். வேறு பெயரில் விற்ற அந்தக் கலவை மாத்திரையில் இரண்டாவதாக அச்சிட்டிருந்த மருந்து டைக்ளோஃபெனாக்.